ஈவுத்தொகைக்கு முன் காப்பு நிதி: உறுப்பினர்களுக்குச் செயலாளரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பேரவைக் கூட்டத்துக்கான அறிவிப்பு உங்கள் கைக்கு வந்திருக்கும். அதிலுள்ள நிகர லாபப் பிரிவினைத் தீர்மானத்தைப் பார்த்துவிட்டு நேரிலும் தொலைபேசியிலும் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "லாபம் வந்திருக்கிறது, தணிக்கையும் முடிந்துவிட்டது. அதை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல், முதலில் காப்பு நிதிக்கு எடுத்துவிட்டு மிச்சத்தில் ஈவு தருவது ஏன்?" இது நியாயமான கேள்வி. "சட்டம் அப்படிச் சொல்கிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் சட்டம் ஏன் அப்படிச் சொல்கிறது என்று தெரியாவிட்டால் அடுத்த ஆண்டும் இதே மனக்குறை இருக்கும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு எளிதில் விளங்க, நம்மைப் போன்ற ஒரு கடன் சங்கத்தின் நிலையை முழு எண்களில் எடுத்துக்கொள்கிறேன். உறுப்பினர்கள் 3,000 பேர். பங்குத் தொகை 60 லட்சம் ரூபாய். நீண்ட காலமாகச் சேர்ந்த காப்பு நிதி 80 லட்சம். உறுப்பினர்களின் வைப்புத் தொகை 6 கோடி, மத்தியக் கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடன் 1 கோடி. உறுப்பினர்களிடம் நிலுவையில் இருக்கும் கடன் 6 கோடியே 90 லட்சம்.

ஓராண்டில் இந்தச் சங்கத்துக்கு வட்டியாக 80 லட்சம் வருகிறது. வைப்பு வட்டிக்கு 42 லட்சம், மத்திய வங்கிக் கடன் வட்டிக்கு 8 லட்சம், சம்பளம், வாடகை, மின்கட்டணம் முதலானவற்றுக்கு 14 லட்சம், வாராக்கடனுக்கான ஒதுக்கீடாக 4 லட்சம் போகிறது. மீதி 12 லட்சம் நிகர லாபம்.

இந்த 12 லட்சத்தைத்தான் "அப்படியே பிரித்துத் தாருங்கள்" என்கிறீர்கள். பிரித்தால் 100 ரூபாய்ப் பங்குக்கு 20 ரூபாய் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்பு இந்த 12 லட்சம் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிடுவோம்.

எங்கிருந்து வந்தது என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காப்பு நிதி 80 லட்சமும் மத்தியக் கூட்டுறவு வங்கியில் வைப்பாக இருக்கிறது. ஆறரை சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 5 லட்சத்து 20 ஆயிரம் வருகிறது. இந்தப் பணத்துக்குச் சங்கம் யாருக்கும் வட்டி கொடுக்க வேண்டியதில்லை, ஈவும் கொடுக்க வேண்டியதில்லை. வருகிற வட்டி முழுவதும் லாபமாக நிற்கிறது. அதாவது 12 லட்சத்தில் 5 லட்சத்து 20 ஆயிரத்தை ஈட்டித் தந்தது காப்பு நிதிதான். முன்பு இருந்தவர்கள் ஆண்டுதோறும் எல்லா லாபத்தையும் பிரித்துக்கொண்டு போயிருந்தால், இன்றைய லாபம் 6 லட்சத்து 80 ஆயிரம்தான். ஈவுக்கும் காப்பு நிதிக்கும் போட்டி என்று நினைக்கிறவர்கள் இந்த ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்று கையில் வாங்கும் ஈவில் கணிசமான பகுதி, நேற்று ஈவாகப் போகாமல் நின்ற பணத்தின் வட்டி.

அடுத்து, அந்த லாபம் இப்போது எங்கே இருக்கிறது? பெட்டியில் ரொக்கமாக இல்லை. கணக்கை மார்ச் 31-ல் முடிக்கிறோம். ஓணச் சந்தையைக் குறிவைத்து ஐப்பசி, கார்த்திகையில் நேந்திரன் நட்டவர், குலை வெட்டி விற்றுத்தான் கடனைத் திருப்புவார். மார்ச் 31 அன்று அவருடைய வாழை தோட்டத்தில் நிற்கிறது. ஆனால் கடன் கொடுத்த நாள் முதல் மார்ச் வரை ஏறிய வட்டி கணக்கில் வரவாகிவிடும். உரிய காலத்தில் பயிர்க்கடனைத் திருப்புகிறவருக்கு வட்டி இல்லை. அந்த வட்டியை அரசு ஈடு செய்கிறது. அந்தத் தொகை வந்து சேரும்வரை அதுவும் "வரவேண்டியது" என்ற தலைப்பில்தான் இருக்கும். தவணை தவறிய கடனின் வட்டியை லாபத்திலிருந்து கழித்துவிடுகிறோம். தவணை இன்னும் வராத கடனின் வட்டியை அப்படிக் கழிப்பதில்லை. ஆகவே நிகர லாபம் என்பதில் ஒரு பகுதி, நல்லபடியாக வந்து சேரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட தொகை. அதை முழுக்க ரொக்கமாகப் பிரிக்க வேண்டுமானால், வைப்பு வைத்தவர்களின் பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டிவரும்.

இனி, நம் குமரி மாவட்டத்துக்கென்றே உள்ள ஆபத்தைச் சொல்கிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன்கள் ஒரே ஊரில், ஒரே மாதிரிப் பயிர்களில், ஒரே மழையை நம்பி நிற்பவை. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் வங்கிக்கு ஓரிடத்து நட்டத்தை இன்னோரிடத்து லாபம் தாங்கும். நமக்கு அந்த வசதி இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது இதை மாவட்டம் முழுவதும் பார்த்தது. வாழையும் ரப்பரும் ஒரே நாளில் சாய்ந்தன.

வாழை போனால் அடுத்த நடவில் ஓராண்டுக்குள் மீளலாம். ரப்பர் அப்படியில்லை. கன்று நட்டுப் பால்வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்தில் நின்ற மரத்தின் வருமானத்தை நம்பிக் கடன் வாங்கியவருக்கு மரமே இல்லாமல் போனால், கடன் நிலுவை ஒரு பருவத்தோடு தீராது. தவணையை நீட்டிக் கொடுத்தாலும் அந்த ஆண்டுகளுக்கெல்லாம் பணத்தை முடக்கி வைத்துச் சங்கம் காத்திருக்க வேண்டும். அதுவரை வைப்பு வைத்தவர்கள் முதிர்வு நாளில் வந்து நிற்பார்கள். அவர்களிடம் புயலைக் காரணம் சொல்ல முடியாது.

அப்படியோர் ஆண்டு நம் எடுத்துக்காட்டுச் சங்கத்துக்கு வருகிறது என்று வைப்போம். 6 கோடியே 90 லட்சத்தில் நகைக்கடனுக்கு ஆபத்தில்லை, பெட்டகத்தில் நகை இருக்கிறது. மற்ற கடன்களில் 60 லட்சம் முடங்குகிறது. அதன் வட்டி ஏறத்தாழ 6 லட்சம் வராது. தவணை மாற்றி, பிணையாளரைப் பார்த்து, வசூலித்தது போக 25 லட்சம் இனி வராது என்று தெரிகிறது. சில ஆண்டுகளில் நடக்கக்கூடியதை ஒரே ஆண்டாகச் சுருக்கிச் சொல்கிறேன். ஏற்கனவே சேர்ந்திருந்த வாராக்கடன் ஒதுக்கீடு 10 லட்சம். அது போக இன்னும் 15 லட்சத்தை எங்கிருந்தாவது ஈடு செய்தாக வேண்டும்.

சாதாரண ஆண்டில் 12 லட்சம் லாபமும் 4 லட்சம் ஒதுக்கீடுமாக 16 லட்சம் கையாளக் கிடைக்கும். வட்டி இழப்பு 6 லட்சம் போக 10 லட்சம் மிஞ்சும். 15 லட்சத்துக்கு எதிராக 10 லட்சம்தான் இருக்கிறது. முடிவில் 5 லட்சம் நட்டம். காப்பு நிதி 80 லட்சம் 75 ஆகும். அந்த ஆண்டு ஈவு இருக்காது. அவ்வளவுதான் பாதிப்பு. பங்குத் தொகை 60 லட்சத்தில் ஒரு ரூபாய் குறையாது, வைப்பு வைத்தவர் எவரும் காத்திருக்க நேராது.

அதே புயல், காப்பு நிதியே சேர்க்காத சங்கத்தை அடித்தால் என்ன ஆகும்? அங்கே காப்பு நிதியின் வட்டி 5 லட்சத்து 20 ஆயிரமும் கிடையாது. நட்டம் 10 லட்சத்து 20 ஆயிரம். தாங்குவதற்குப் பங்குத் தொகையைத் தவிர வேறெதுவும் இல்லை. 60 லட்சம் 49 லட்சத்து 80 ஆயிரமாகிறது. நீங்கள் 100 ரூபாய் கொடுத்து வாங்கிய பங்குக்குப் பின்னால் 83 ரூபாய் மட்டுமே நிற்கிறது. இந்தச் செய்தி ஊரில் பரவியதும் வைப்புகளை எடுக்க ஆள் வரத் தொடங்கும். கடனெல்லாம் வயலிலும் தோட்டத்திலும் இருக்க, பெட்டியில் இருப்பது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இன்னொரு விளைவும் உண்டு, வெளியே அதிகம் தெரியாது. ஒரு சங்கம் எவ்வளவு வைப்பும் கடனும் வாங்கலாம் என்பதற்குத் துணைவிதியில் உச்சவரம்பு இருக்கும். அது பங்குத் தொகையும் காப்பு நிதியும் சேர்ந்த சொந்த நிதியில் இத்தனை மடங்கு என்று கணக்கிடப்படும். பத்து மடங்கு என்று கொண்டால், 60 லட்சமும் 80 லட்சமும் சேர்ந்த 1 கோடியே 40 லட்சத்துக்கு 14 கோடி வரை போகலாம். காப்பு நிதி இல்லாத சங்கம் 6 கோடியோடு நிற்க வேண்டும். இன்று நமக்கு ஒரு கோடி ரூபாய் மத்திய வங்கிக் கடன் கிடைப்பதும், நடவுக் காலத்தில் கேட்டவுடன் பயிர்க்கடன் தர முடிவதும் இதனால்தான்.

சரி, சேர்க்க வேண்டியதுதான், ஆனால் ஈவைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்க்கக் கூடாதா என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வரிசைதான் இங்கே முக்கியம். ஈவு முதலில் என்றால், ஒவ்வோர் ஆண்டும் பேரவையில் சதவீதம் ஏறும். அதைக் குறைக்கச் சொல்லி எந்த நிர்வாகக் குழுவும் தேர்தலில் நிற்க முடியாது. மிச்சம் என்பது நல்ல ஆண்டில் சிறிதாகவும் மோசமான ஆண்டில் ஒன்றுமில்லாமலும் போகும். ஆகவேதான் இந்த முடிவைப் பேரவையின் விருப்பத்துக்கே விடாமல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவுக்கான 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 33-ஆம் பிரிவிலேயே இது வந்துவிட்டது. நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கையாவது காப்பு நிதிக்குக் கொண்டுபோன பிறகே மீதியிலிருந்து உறுப்பினருக்கு எதுவும் கொடுக்கலாம் என்றது அது. குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால் அது நேரடியாக நம்மைக் கட்டவில்லை. இப்போது நம்மை ஆளும் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திலும் வரிசை இதுவேதான்: காப்பு நிதி முன்னால், ஈவு பின்னால்.

நிலையான தொகையாக வைக்காமல் லாபத்தின் பங்காக வைத்ததிலும் காரணம் உண்டு. லாபம் குறைந்தால் ஒதுக்கீடும் தானே குறையும், சங்கத்துக்குப் பாரமாகாது. ஆனால் லாபமுள்ள எந்த ஆண்டும் ஒதுக்கீடு இல்லாமல் கடக்காது.

நம் எடுத்துக்காட்டில் நான்கில் ஒரு பங்கு என்றால் 12 லட்சத்தில் 3 லட்சம் காப்பு நிதிக்கு. கூட்டுறவுக் கல்வி நிதிக்கும் ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கும் சேர்த்து 60 ஆயிரம் என்று கொள்வோம். 100 ரூபாய்ப் பங்குக்கு 10 ரூபாய் வீதம் ஈவு 6 லட்சம். மீதி 2 லட்சத்து 40 ஆயிரத்தைக் கட்டட நிதிக்கு வைப்பதா, ஊழியர் ஊக்கத்தொகைக்குத் தருவதா, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவதா என்பதைத் துணைவிதிக்குள் நின்று பேரவை முடிவு செய்யலாம்.

இப்போது உங்கள் தனிக் கணக்கைப் பாருங்கள். காப்பு நிதிக்குப் போகும் 3 லட்சத்தை 3,000 உறுப்பினருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 100 ரூபாய். இதற்காகவா இத்தனை விவாதம் என்று நான் கேட்கவில்லை. 100 ரூபாயும் உங்கள் பணம்தான். ஆனால் பெரும்பாலான உறுப்பினர்களுக்குச் சங்கத்தால் வரும் பயன் ஈவில் இல்லை, கடன் வட்டியில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2,000 ரூபாய்ப் பங்கு வைத்திருப்பவருக்கு 10 சதவீத ஈவு 200 ரூபாய். அவரே 1 லட்சம் கடன் வாங்கியிருந்து வட்டி அரை சதவீதம் குறைந்தால் ஆண்டுக்கு 500 ரூபாய் மிச்சம். வட்டி தர வேண்டியிராத பணம் சங்கத்தில் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குக் கடன் வட்டியைக் குறைக்க இடமுண்டு. அதிக ஈவு கேட்டுப் பேரவையில் எழுந்து நிற்பதைவிட, "கடன் வட்டியைக் குறைக்க இந்த ஆண்டு இடமிருக்கிறதா?" என்று கேட்பதே கடன் வாங்கும் உறுப்பினருக்குப் பயன்தரும் என்பது என் கருத்து.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சங்கத்தை விட்டு விலகும்போது உங்கள் பங்கின் முகமதிப்பு மட்டுமே திரும்பக் கிடைக்கும். காப்பு நிதியில் பங்கு கிடையாது. பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்து அதை வளர்த்தவருக்கு இது உறுத்தலாகத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் விலகுகிறவர் ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துச் செல்லலாம் என்றால், சங்கம் தடுமாறும் ஆண்டில்தான் அதிகம் பேர் விலகுவார்கள். நிதி எப்போது தேவையோ அப்போது இருக்காது. மேலும், நீங்கள் சேர்ந்த நாளில் உங்களுக்குக் கடன் தர உதவிய நிதி, உங்களுக்கு முன்னிருந்தவர்கள் எடுத்துச் செல்லாமல் விட்டது.

காப்பு நிதி இருக்கிறது என்று ஏட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். தவறு நடக்கிற இடங்கள் மூன்றைச் சொல்கிறேன். எந்தச் சங்கத்தின் கணக்கிலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தொகையின் பொறுப்புப் பக்கத்தில் காப்பு நிதி 80 லட்சம் என்று இருந்தால், சொத்துப் பக்கத்தில் "காப்பு நிதி முதலீடு" என்ற தலைப்பில் மத்திய வங்கி வைப்பும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். 80-க்கு எதிரே 20 மட்டும் இருந்தால், மீதி 60 கடனாக வெளியே போயிருக்கிறது என்று பொருள். பதிவாளரின் அனுமதியோடு ஒரு பகுதியைத் தொழிலில் பயன்படுத்த இடமுண்டு. அந்த அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். கடனாகப் போன காப்பு நிதி, புயலில் மற்ற கடன்களோடு சேர்ந்தே முடங்கும்.

இரண்டாவது, லாபத்தையே பெரிதாக்கிக் காட்டுவது. தவணை தவறிய கடன் என்று வந்தால் அதற்கு ஒதுக்கீடு வைக்க வேண்டும், லாபம் குறையும். அதைத் தவிர்க்க, மார்ச் கடைசியில் பழைய கடன் அடைந்ததாக வரவு வைத்து, அதே ஆளுக்கு அதே தொகையைப் புதுக்கடனாகப் பற்று எழுதுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. பணம் ஒரு ரூபாய்கூட உள்ளே வந்திருக்காது. மார்ச் கடைசி வாரத்து வசூலையும், அந்த வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் நடந்த பட்டுவாடாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே தொகைகள் திரும்ப வருவது கண்ணில் படும். மற்ற உறுப்பினரின் பேரேட்டை உங்களுக்குக் காட்ட முடியாது, ஆனால் இந்த இரண்டு வாரங்களின் மொத்தத் தொகைகளைப் பேரவையில் கேட்கலாம். ஒரு வாரத்தில் வழக்கத்துக்கு மாறாக எகிறியிருந்தால் தணிக்கையாளர் என்ன குறித்திருக்கிறார் என்றும் கேளுங்கள். இப்படி ஊதிய லாபத்தில் கொடுக்கும் ஈவு, உங்கள் பங்குத் தொகையையே எடுத்து உங்களுக்குத் தருவதுதான்.

மூன்றாவது, தணிக்கைச் சான்று வருவதற்கு முன் ஈவை அறிவிப்பது. தணிக்கையில் லாபம் குறைந்தால், கொடுத்த பணம் அதிகப்படியாகிவிடும். சங்கத்துக்கு நேரும் இழப்புக்குக் காரணமானவர்களிடமிருந்து அதை வசூலிக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87-ஆம் பிரிவில் தண்டத் தீர்வை நடவடிக்கைக்கு இடமிருக்கிறது. தீபாவளிக்கு முன், கோயில் கொடைக்கு முன் என்று நாள் குறித்து அவசரப்படுத்த வேண்டாம் என்று கேட்பது அதனால்தான். அதேபோல நட்டமான ஆண்டில் "காப்பு நிதியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈவு தாருங்கள்" என்ற கோரிக்கையையும் ஏற்க இயலாது. அந்த நிதி நட்டத்தைத் தாங்குவதற்கு உரியது. அதையும் முறையான அனுமதி பெற்றே எடுக்க வேண்டும்.

காப்பு நிதியால் ஆகாததும் உண்டு. ஆண்டுதோறும் செலவு வரவை மீறுகிற சங்கத்தை அது காப்பாற்றாது, சரிவைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடும், அவ்வளவே. காப்பு நிதி ஆண்டுக்காண்டு கரைந்தால், புயலும் வெள்ளமும் இல்லாத ஆண்டிலும் கரைகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கேள்வி கேட்க வேண்டிய இடம் நிர்வாகச் செலவும் கடன் வசூலும்தான்.

தணிக்கை அறிக்கை, ஐந்தொகை, லாப நட்டக் கணக்கு, காப்பு நிதி முதலீட்டுக்கான வைப்பு ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களைப் பேரவை நாள் வரை அலுவலக நேரத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறோம். உறுப்பினர் அட்டையைக் கொண்டுவந்தால் உட்கார்ந்து பார்க்கலாம், குறிப்பெடுத்துக்கொள்ளலாம். கேள்வி இருந்தால் பேரவைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். பதிலை எண்களோடு தயார் செய்துகொண்டு வருகிறேன். வட்டிக் குறைப்பு பற்றிய தீர்மானம் கொண்டுவர விரும்புகிறவர்கள், எந்தக் கடனுக்கு எவ்வளவு என்று குறிப்பிட்டுத் தாருங்கள். அதனால் லாபம் எவ்வளவு குறையும் என்ற கணக்கைச் சேர்த்து நிர்வாகக் குழு முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்